ஷூட்டிங்ல ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காமல் மேக்கிங் வீடியோ எடுக்கிறது எப்பிடி

நான் முதன்முதலா மேக்கிங் வீடியோ எடுக்கப் போனது ஒட்டுசுட்டான் பக்கம் நடந்த ஒரு குறும்படத்துக்கு. அண்டைக்கு நாலாவது ரேக்கை நாசமாக்கினது நான்தான். ஒரு அம்மா கிணத்தடியில நிண்டு அழுற சீன், மூண்டு ரேக் சரிவரேல்லை, நாலாவதில அந்த அம்மா உண்மையாவே உடைஞ்சு அழத் தொடங்கினா, நான் அதைப் பாத்திட்டு ஐயோ இதை விடக்கூடாதெண்டு போனைத் தூக்கி ரெக்கோட் பட்டனை அமத்த அது "டிங்" எண்டுது. சவுண்ட் பாத்த தம்பி ஹெட்போனோட திரும்பி என்னைப் பாத்தான். அதைவிட மோசம், அந்த அம்மாவும் கண்ணைத் தூக்கி என்னைத்தான் பாத்தா, ஏனெண்டால் அவ பாக்கவேண்டிய இடத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் நான் நிண்டிருக்கிறன், எனக்கே தெரியாது. பிறகு அஞ்சு, ஆறு எண்டு எடுத்தினம். அந்த அழுகை திரும்பி வரவேயில்லை.

அதுக்குப் பிறகு நாலைஞ்சு படத்துக்கு மேக்கிங் எடுத்திட்டன், எல்லாம் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யிற சின்னச் சின்னக் குழுக்கள், நான் ஒற்றை ஆள், கையில ஒரு போனும் ஒரு சின்னக் கமராவும். அந்த அளவு வேலைக்குத்தான் இதை எழுதுறன். பெரிய படத்துக்கு மேக்கிங்குக்கெண்டே ஒரு ரீம் வரும், அது வேற கதை.

எனக்கு விளங்கின ஒரே விசயம் இதுதான்: மேக்கிங் வீடியோவில எடுக்கவேண்டியது நடிப்பை இல்லை, வேலையை. நடிப்பை மெயின் கமரா எடுக்குதுதானே, அதைவிட வடிவா நீங்கள் எடுக்கப்போறேல்லை. அக்சனுக்கு முன்னால நடக்கிறது, கட்டுக்குப் பிறகு நடக்கிறது, ரேக் நடக்கேக்க கமராவுக்குப் பின்னால நிக்கிற ஆக்களின்ர முகம், இதுகள்தான் உங்கட சரக்கு. இது மண்டைக்குள்ள ஏறினாலே கரைச்சலில அரைவாசி குறைஞ்சிடும், ஏனெண்டால் நடிகரைத் துரத்தித் திரியத் தேவையில்லை.

முதல் நாளே கதைச்சு வையுங்கோ

ஷூட்டிங் காலமை போய் இறங்கித்தான் எல்லாரோடையும் கதைப்பம் எண்டு நினைக்காதேங்கோ, அந்த நேரம் ஒருத்தரும் உங்களைத் திரும்பிப் பாக்க மாட்டினம். முதல் நாள் இரவு மூண்டு பேருக்கு ஒரு கோல் எடுத்தால் காணும்.

டிரெக்டரிட்டக் கேட்கிறது: எந்தச் சீனுக்கு நான் வரக்கூடாது? இதை இப்பிடித்தான் கேட்கவேணும். "எல்லாம் எடுக்கலாமோ" எண்டு கேட்டால் ஓமெண்டுதான் சொல்லுவார், பேந்து இடத்தில நிண்டு முகத்தைச் சுளிப்பார். வரக்கூடாத சீனைக் கேட்டால் யோசிச்சுச் சொல்லுவார். அழுற சீன், அடிபடுற சீன், கதையின்ர முடிச்சு அவிழுற சீன் எண்டு ஒண்டு ரெண்டு இருக்கும். அதுக்கு நீங்கள் வெளியில நிக்கிறது எண்டு அப்பவே முடிவு.

கமராமானிட்டக் கேட்கிறது: என்ன பிரேம் ரேற்றில எடுக்கிறியள், என்ன லென்ஸ் கூடப் பாவிப்பியள். லென்ஸ் தெரிஞ்சால் பிரேம் எவ்வளவு அகலம் எண்டு ஒரு குத்துமதிப்பு வரும், எங்க நிக்கலாம் எண்டு வீட்டிலயே யோசிக்கலாம்.

சவுண்ட் பாக்கிறவரிட்டக் கேட்கிறது: நீங்கள் பாவிக்கிற வயர்லெஸ் மைக் எது, ஷூட்டிங் முடியப் பதிஞ்ச சவுண்டில ஒரு கொப்பி எடுக்கலாமோ. இது ஏனெண்டு கீழ சொல்லுறன்.

நடிக்கிற ஆக்களோட நீங்கள் நேர போய்க் கதைக்காதேங்கோ. காலமை எல்லாரும் கூடி நிக்கேக்க டிரெக்டரையே ஒரு நிமிசம் சொல்லச் சொல்லுங்கோ: "இவர் மேக்கிங் எடுக்கிறார், ஆருக்காவது இப்ப வேண்டாமெண்டு பட்டால் கையை விரிச்சுக் காட்டுங்கோ, அவர் கமராவை இறக்கிப் போடுவார்." இந்தக் கையைக் காட்டுற ஒழுங்கு சின்ன விசயம்தான், ஆனால் அது இருந்தால் நடிகருக்கு ஒரு நிம்மதி, எப்ப வேணுமெண்டாலும் நிப்பாட்டலாம் எண்டு தெரிஞ்ச ஆள் பிறகு கமராவைக் கண்டுகொள்ளவே மாட்டார். கையைக் காட்டினால் ஏனெண்டு கேட்கக்கூடாது, பல்லைக் காட்டிக்கொண்டு "ஒரு செக்கன் அக்கா" எண்டும் சொல்லக்கூடாது. இறக்கினால் இறக்கினதுதான்.

கமராவை ஊமையாக்கிறது

வீட்டிலயே செய்து, சத்தமில்லாத அறைக்குள்ள வைச்சு ஒருக்கா பரிசோதிச்சுப் பாருங்கோ. ரெக்கோட் தொடங்கிற சத்தம், நிப்பாட்டுற சத்தம், போகஸ் பிடிக்கிற பீப், எல்லாம் ஓப். சில போனில சைலன்ற் போட்டாலும் வீடியோ தொடங்கிற சத்தம் வரும், அப்பிடியெண்டால் "ரோலிங்" எண்டு சொல்ல முதலே ரெக்கோடை அமத்திப்போட்டு "கட்" கேட்டபிறகுதான் நிப்பாட்டவேணும், நடுவில தொடவே கூடாது. போட்டோவும் எடுக்கிறதெண்டால் கமராவில சைலன்ற் சட்டரைப் போடுங்கோ, இல்லாட்டி ரேக் நேரத்தில போட்டோவே வேண்டாம், அந்த "கிளக்" முப்பதடி தள்ளியும் கம்பில கட்டிப் பிடிக்கிற பூம் மைக்கில விழும்.

அடுத்தது வெளிச்சம். கமராவின்ர முன்பக்கம் ரெக்கோட் ஆகேக்க ஒரு சிவப்பு லைற் எரியும், இருட்டில போகஸ் பிடிக்க ஒரு செம்மஞ்சள் லைற் அடிக்கும், ரெண்டையும் மெனுவுக்குள்ள போய் ஓப் பண்ணுங்கோ, ஓப் பண்ண ஏலாதெண்டால் கறுப்பு ரேப்பில ஒரு துண்டு வெட்டி ஒட்டுங்கோ. இரவுச் சீனில ஸ்கிறீனின்ர பிறைற்னெஸ்ஸைக் குறையுங்கோ, உங்கட முகத்தில அடிக்கிற அந்த நீல வெளிச்சம் நடிகரின்ர கடைக்கண்ணில அப்பிடியே தெரியும்.

போன் பிளைற் மோட். புளூரூத்தும் வைபையும் தனியா ஓப் எண்டு பாருங்கோ, சில போனில பிளைற் மோட் போட்டாலும் அது ரெண்டும் எரிஞ்சுகொண்டுதான் இருக்கும். எங்கட பக்கம் சின்னக் குழுக்கள் பாவிக்கிற மலிவான வயர்லெஸ் மைக் கனக்க 2.4 கிகாஹேட்ஸில ஓடுறது, வைபையும் புளூரூத்தும் அதே பாதை. மைக்குக்குப் பக்கத்தில நீங்கள் நிண்டால் சவுண்ட் விட்டு விட்டு வரும், அந்தத் தம்பி மைக்கைக் கழட்டிக் கழட்டிப் பூட்டிக்கொண்டு நிப்பான், காரணம் உங்கட பொக்கெற்றுக்குள்ள இருக்கும். இதுக்குத்தான் மைக் எதெண்டு முதல் நாளே கேட்கிறது.

பிரேம் ரேற் 25, சட்டர் 1/50 எண்டு வையுங்கோ. எங்கட கரண்ட் 50 ஹேட்ஸ், 30ல வைச்சு 1/60 சட்டரில எடுத்தால் வீட்டு லைற்றுக்குக் கீழ வீடியோவில பட்டை பட்டையா ஓடும், எடிட்டில அதைத் திருத்திறது பெரிய தலையிடி. மெயின் கமரா 24ல எடுக்கிறதெண்டாலும் நீங்கள் 25ல எடுக்கலாம், படத்தின்ர காட்சியை உங்கட வீடியோவுக்குள்ள சேர்க்கேக்க பெரிசா வித்தியாசம் தெரியாது.

4கே வேணுமோ எண்டு யோசியுங்கோ. எங்கட பத்து மணி வெயிலுக்க போனில 4கே எடுத்தால் பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில சூடேறி ஸ்கிறீன் மங்கி ஓப் ஆகக்கூடும், அதுவும் பவர் பாங்கில செருகிக்கொண்டு எடுத்தால் சொல்லத் தேவையில்லை. நான் 1080ல எடுக்கிறன். நல்ல போனில அது நிமிசத்துக்கு 60 எம்பி மாதிரித்தான் பிடிக்கும், ஒரு மணித்தியால வீடியோவுக்கு நாலு ஜிபி வராது, 4கே எண்டால் அதே ஒரு மணித்தியாலம் பத்து ஜிபி. எடுக்காத நேரம் போனை நிழலில வையுங்கோ, சார்ஜ் போடுறதெண்டால் சாப்பாட்டு நேரம் போடுங்கோ.

உடுப்பும் காலும்

வெள்ளை சேட்டுப் போட்டுக்கொண்டு போகாதேங்கோ. கிட்ட நிண்டால் வெயில் உங்கட சேட்டில பட்டு நடிகரின்ர முகத்தில தெறிக்கும், சிவப்புச் சேட்டெண்டால் கன்னம் சிவக்கும், கமராமான் லைற்றை மாத்தி மாத்திப் பாத்திட்டுக் கடைசியில உங்களைக் கண்டுபிடிப்பார். சாம்பல், கடும் பச்சை, கறுப்பு ஏதாவது. பொக்கெற்றில திறப்புக் கோர்வை, சில்லறை, ரொபி உறை ஒண்டும் வேண்டாம். கமரா பாக்கின்ர சிப்பைக் காலமையே திறந்து விடுங்கோ.

காலுக்குக் கீழ என்ன இருக்கெண்டு பாருங்கோ. எங்கட வளவுகளில காஞ்ச தேக்கிலை, காவோலை, கிரவல், மூண்டும் கத்துற சாமான். செருப்பைக் கழட்டிட்டு நடக்கலாம் எண்டால் நெருஞ்சி முள்ளு விடாது. அதால ரேக் நேரம் நடக்கிறதே இல்லை எண்டு முடிவெடுக்கிறதுதான் சுகம். நிக்கப்போற இடத்தில இருக்கிற சருகை ரேக்குக்கு முதலே காலால ஒதுக்கிப் போட்டு நிண்டால் பாரத்தை இந்தக் காலிலயிருந்து அந்தக் காலுக்கு மாத்தேக்க சத்தம் வராது.

எங்க நிக்கிறது

இதிலதான் கனபேர் பிழை விடுறது. நாலு விசயம் பாக்கவேணும், அதில முதலாவதுதான் பெரிசு.

நடிகர் எங்க பாக்கிறார்? சீனில அவர் ஆரோட கதைக்கிறாரோ அந்தப் பக்கம் ஒரு கோடு கீறினால், அந்தக் கோட்டிலையும் அதுக்கு ரெண்டு பக்கமும் ஒரு ஆள் படுத்தால் பிடிக்கிற அகலத்துக்குள்ளையும் நீங்கள் நிக்கக்கூடாது, எவ்வளவு தூரத்தில எண்டாலும். நடிகர் உங்களைப் பாக்காட்டிலும் அவரின்ர கண்ணுக்கு உங்கட அசைவு தெரியும், தெரிஞ்சால் கண்மணி ஒருக்கா ஆடும், அது குளோசப்பில அப்பிடியே விழும். முதல் ஒத்திகை நடக்கேக்க கமராவைத் தூக்காமல் சும்மா நிண்டு அவர் எங்கெங்க பாக்கிறார் எண்டு மட்டும் பாருங்கோ. ஒரே சீனில ரெண்டு மூண்டு இடம் பாப்பார். வாசலைப் பாப்பார், பிறகு கீழ பாப்பார், பிறகு மகளைப் பாப்பார். அந்த மூண்டும் போக மிச்சம் உள்ள இடத்தில ஒண்டைப் பிடியுங்கோ. அநேகமா மெயின் கமராவுக்குப் பின்னால, கொஞ்சம் பக்கமா, அதைவிடப் பதிவாக் குந்தியிருக்கிற இடம்தான் சரிவரும். அங்க இருந்து 2எக்ஸ் லென்ஸில, கமரா எண்டால் 50 அல்லது 85 எம்எம்மில பதினைஞ்சடி தள்ளி எடுங்கோ. கிட்டப் போய் வைட் லென்ஸில எடுக்கிறது கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும், செற்றில அது தொல்லை.

ரெண்டாவது பிரேம். மொனிற்றரை ஒருக்கா எட்டிப் பாத்திட்டு, பிரேமின்ர கரை நிலத்தில எந்த மரம், எந்தக் கல்லு எண்டு ஞாபகம் வையுங்கோ. லென்ஸை மாத்தினால் திரும்பப் பாக்கவேணும். கமரா நகருற ஷொட் எண்டால் தொடக்கத்தையும் முடிவையும் பாக்கவேணும். சந்தேகமெண்டால் கமராமானிட்ட "அண்ணை நான் இதில நிண்டால் தெரியுமோ" எண்டு கேளுங்கோ, அது தொல்லையில்லை, கேட்காமல் நிண்டு ரேக் போறதுதான் தொல்லை.

மூண்டாவது நிழல். காலமை ஏழு மணிக்கும் பின்னேரம் அஞ்சு மணிக்கும் எங்கட வெளியில நிழல் ஆளை விடக் கன மடங்கு நீளும். சூரியன் உங்கட முதுகில சுடுதெண்டால் உங்கட நிழல் முன்னுக்குப் போகுது, முன்னுக்குத்தான் சீன் நடக்குது. நிண்ட இடத்தில கையை ஆட்டிப் பாருங்கோ, நிழலின்ர கை எங்க ஆடுதெண்டு தெரியும். லைற் செற் பண்ணி அரைமணித்தியாலம் போனால் நிழல் இடம் மாறியிருக்கும், திரும்பப் பாருங்கோ.

நாலாவது தெறிப்பு. மோட்டச்சைக்கிள் கண்ணாடி, அலுமாரிக் கண்ணாடி, மூக்குக்கண்ணாடி, எவர்சில்வர் குடம், பிறகு தண்ணி. குளத்தங்கரை ஷொட்டில அலையில்லாத நேரம் எதிர்க்கரையில நிண்ட நான் தலைகீழாத் தெரிஞ்சிருக்கிறன்.

எப்ப எடுக்கிறது

ஒரு ஷொட்டுக்கு ஒரு சுற்று இருக்கு. லைற்றும் கமராவும் வைக்கிறது, ஒத்திகை, ரேக், கட், அடுத்த ரேக்குக்கு ஆயத்தம். இதில ரேக் ரெண்டு நிமிசம்தான், மிச்சம் முப்பது நாப்பது நிமிசம். அந்த நாப்பது நிமிசத்தில நீங்கள் சுதந்திரமாத் திரியலாம், சத்தம் போட்டாலும் பரவாயில்லை, அப்ப நல்லா எடுத்து வைச்சால் ரேக் நேரம் பேசாமல் இருக்க மனம் வரும்.

லைற் வைக்கேக்க கையை எடுங்கோ. போகஸ் தூரம் அளக்கிற ரேப், பூம் கம்பில கம்பளி உறை போடுற விரல், சேலை மடிப்பைச் சரிசெய்யிற அக்கா, தெர்மாக்கோல் பிடிச்சுக்கொண்டு கண்ணைச் சுருக்கிற பெடியன். ஒவ்வொண்டும் பத்து செக்கன் ஆடாமல் பிடியுங்கோ. பத்தெண்டு மனதுக்குள்ள எண்ணுங்கோ, ஏனெண்டால் எங்களுக்கெல்லாம் மூண்டு செக்கனே பத்து மாதிரித் தெரியும்.

ஒத்திகைதான் நடிகரை எடுக்கிறதுக்கு நல்ல நேரம், சவுண்ட் ஓடுறேல்லை, கொஞ்சம் கிட்டப் போகலாம். ஆனால் டிரெக்டர் நடிகரின்ர காதுக்குள்ள ஏதாவது சொல்லிக்கொண்டு நிண்டால் மைக்கோட அதுக்குள்ள தலையைப் போடாதேங்கோ. தூரத்தில இருந்து சத்தம் இல்லாமல் எடுங்கோ, என்ன சொன்னவர் எண்டது அவையளின்ர விசயம். சத்தமில்லாமல் பாக்கேக்கதான் அது நல்லாவும் இருக்கும்.

"சைலன்ஸ்" எண்டு சொன்னதும் நீங்கள் ரெக்கோடை அமத்தியிருக்கவேணும், இடத்தில நிண்டிருக்கவேணும். இப்ப லென்ஸை டிரெக்டரின்ர முகத்துக்கு, இல்லாட்டி பூம் பிடிக்கிற தம்பியின்ர கைக்குத் திருப்புங்கோ. நாலு நிமிச ரேக்கில பூம் கம்பு பிடிக்கிற கை நடுங்கத் தொடங்கிறது, டிரெக்டர் தன்னையறியாமல் வசனத்துக்கு வாயசைக்கிறது, இதெல்லாம் வேற எங்கையும் கிடையாத சாமான். ரெண்டாவது போன் இருந்தால் அதை ஒரு மரத்தில உயரத்தில பிரேமுக்கு வெளியில கட்டி, வைட்டில முழுச் செற்றும் தெரியிற மாதிரி வைச்சு, ரோலிங்குக்கு முதலே ஓடவிட்டிட்டு மறந்து போங்கோ. ஆள் இல்லாத கமராவை ஒருத்தரும் பாக்க மாட்டினம்.

கட் சொன்ன உடன நிப்பாட்டாதேங்கோ. இன்னும் இருபது செக்கன் ஓடட்டும். மூச்சு விடுறது, சிரிக்கிறது, டிரெக்டர் ஒண்டும் சொல்லாமல் நிக்கிறது, எல்லாம் அந்த இருபது செக்கனுக்குள்ளதான்.

எங்கட பக்கம் இன்னொரு நேரமும் கிடைக்கும். சவுண்ட் தம்பி கையைத் தூக்கி "உழவு மெசின் ஒண்டு வருது" எண்டுவான், எல்லாரும் இடத்தில நிண்டபடி அது போகுமட்டும் காத்துக்கொண்டு நிப்பினம், பேந்து மயில் கத்தும், பேந்து கோயில் லவுட்ஸ்பீக்கர் போடுவினம். சவுண்டுக்கு உதவாத நேரம் எல்லாம் உங்கட நேரம்.

சவுண்ட்

மேக்கிங் வீடியோ கேவலமா இருக்கிறது படத்தால இல்லை, சவுண்டால. தூரத்தில நிண்டு போன் மைக்கில எடுத்தால் காத்தும் காகமும்தான் கேட்கும். இதுக்காகச் செற்றுக்குள்ள இன்னொரு மைக் கொண்டுபோறதெண்டால் திரும்பவும் கரைச்சல். அதால சவுண்ட் பாக்கிறவரின்ர பதிவையே கொப்பி கேட்கிறது. ஒவ்வொரு ரேக்குக்கும் கிளாப் அடிக்கேக்க அதை உங்கட கமராவிலையும் எடுங்கோ, பலகையில சீன் நம்பரும் ரேக் நம்பரும் தெரியவேணும். பிறகு அந்த நம்பரைப் பாத்து சவுண்ட் பைலைத் தேடி, கிளாப் அடிபடுற சத்தத்தையும் பலகை மூடுற பிரேமையும் பொருத்தினால் டிரெக்டரின்ர முகம் ஓட நடிகரின்ர வசனம் தெளிவாக் கேட்கும். அழுற அம்மாவின்ர முகத்தைக் காட்டாமலே அவவின்ர குரலை மட்டும் கேட்க வைக்கலாம்.

ஒரு சீன் எப்பிடிப் போச்சுதெண்டு சொல்லுறன்

இந்த வருசம் முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு வீட்டில எடுத்தது. திரும்பவும் கிணத்தடி, என்ர ராசி அப்பிடி. சீன் இதுதான்: கன வருசத்துக்குப் பிறகு மகள் படலையைத் திறந்துகொண்டு வாறா, தண்ணி அள்ளுற அம்மா திரும்பிப் பாக்கிறா, கயிறு கையை விட்டுப் போகுது, வாளி கிணத்துக்குள்ள விழுது. வாளி விழுறது ஒரு ரேக்குக்கு ஒருக்காத்தான், எடுத்துக் கட்டித் திரும்ப ஆயத்தமாக எட்டுப் பத்து நிமிசம் போகும்.

காலமை அஞ்சே முக்காலுக்குப் போனன். ஆறேகால் வரைக்கும் தேத்தண்ணி ஊத்துறது, கமரா பூட்டுறது, கப்பிக்குக் கிறீஸ் பூசுறது எல்லாம் எடுத்தன், சவுண்ட் தம்பிக்குக் கப்பி கிறீச்சிடுறது பிடிக்கேல்லை, டிரெக்டருக்குப் பிடிச்சிருந்துது, ரெண்டு பேரும் அதில நிண்டு கதைச்சது எனக்கு நல்ல காட்சி. ஒத்திகையில கமராவை இறக்கி வைச்சுப் பாத்தன். அம்மா முதல் கிணத்துக்குள்ள பாக்கிறா, பிறகு படலையைப் பாக்கிறா. படலைப் பக்கம் முழுக்க எனக்கு இல்லை. கிணத்துக்குள்ள பாக்கிறா எண்டால் கிணத்துக்கட்டுக்கு எதிர்ப்பக்கம் நிண்டு எடுக்கலாமோ எண்டு யோசிச்சன், ஆனால் அங்க நிண்டால் தண்ணியில நான் தெரிவன், அவவின்ர கண் அதுக்குப் போகும். மெயின் கமரா வீட்டுப் பக்கம் இருந்து கிழக்கைப் பாத்து நிண்டுது, சூரியன் எதிரில, அதால எங்கட நிழல் பின்னுக்கு விழுது, பிரச்சினையில்லை. கமராவுக்கு வலப்பக்கம் நாலடி பின்னால ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில குந்தினன். மரத்துப் போனைக் கிணத்தடி முருங்கையில கட்டுவம் எண்டால் அது பிரேமுக்குள்ள, கொஞ்சம் தள்ளி நிண்ட வேம்பில கட்டினன்.

முதல் ரேக் மகள் படலையைத் திறக்கப் படலை கழண்டு கையோட வந்திட்டுது. எல்லாரும் சிரிச்சினம், அதில அம்மாவாக நடிச்சவவும் சிரிச்சா, கட்டுக்குப் பிறகு ஓடவிட்ட இருபது செக்கனில அது முழுக்க விழுந்திருந்துது. ரெண்டாவது ரேக்குக்கு முன்னால அவ தனியப் போய் வேலியோரம் நிண்டா, நான் லென்ஸைத் திருப்பேக்க கையை விரிச்சுக் காட்டினா. இறக்கினன். அந்த எட்டு நிமிசமும் வாளி கட்டுற பெடியனைத்தான் எடுத்தன், அவன் முடிச்சுப் போட்ட விதம் பாத்தால் வள்ளத்தில வேலை செய்த கை எண்டு தெரியும், கேட்டால் ஓமாம், முல்லைத்தீவுக் கடற்கரைப் பெடியன்.

ரெண்டாவது ரேக்கில நான் டிரெக்டரின்ர முகத்தில வைச்சிருந்தன். வாளி விழுந்த சத்தம் கேட்கேக்க டிரெக்டர் கண்ணை மூடினா. கட் சொல்ல ஆறேழு செக்கன் எடுத்தா. என்ர முழு வீடியோவிலையும் அதுதான் ஷொட், அதில கிணறும் இல்லை, அம்மாவும் இல்லை, மகளும் இல்லை.

இடத்துக்கெண்டு சில விசயம்

மேக்கிங் எடுக்கிற ஆளுக்கு வைட் ஷொட் ஆசை வரும், கொஞ்சம் பின்னால, இன்னும் கொஞ்சம் பின்னால எண்டு பத்தைக்குள்ள போய் நிக்கிறது. முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் இன்னமும் கண்ணிவெடி எடுத்துக்கொண்டுதான் இருக்கினம். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இருக்கிற பக்கம் தலைவைக்காதேங்கோ, பலகை இல்லையெண்டாலும் மாடும் சனமும் போற பாதையை விட்டு இறங்க முதல் அந்த வீட்டு ஐயாவிட்ட ஒருக்காக் கேளுங்கோ. அதேமாதிரி காம்ப் வேலி, சென்றிப் பக்கம் லென்ஸைத் திருப்பாதேங்கோ, மெயின் கமரா ஒரு பக்கம்தான் பாக்குது, நீங்கள்தான் எல்லாப் பக்கமும் திரும்புற ஆள், உங்களால முழு ஷூட்டிங்கும் நிண்டுபோகும்.

வீட்டுக்குள்ள எடுக்கேக்க சுவரைப் பாருங்கோ. எங்கட வீடுகளில கனக்கச் சுவரில ஒரு பெடியனின்ரயோ பெட்டையின்ரயோ படம் தொங்கும், சிலதுக்கு மாலை இருக்கும், சிலதுக்கு மாலை போட அந்தத் தாய்க்கு மனமில்லை. படத்துக்கு அது தேவையில்லையெண்டு ஆர்ட் ஆக்கள் கழட்டி வைச்சிருப்பினம், அதைக் கழட்டுறது மேக்கிங்குக்கு நல்ல காட்சி எண்டு உங்களுக்குத் தோணும். எடுக்காதேங்கோ. வேலிக்கு மேலால பாத்துக்கொண்டு நிக்கிற அயலட்டை ஆக்களையும் கேட்டிட்டு எடுங்கோ, இங்க கமராவைக் கண்டால் ஆரோ எங்கையோ பதியிறான் எண்டு பயப்படுற ஆக்கள் இருக்கினம், பயப்படக் காரணமும் இருக்கு.

பேட்டியும் பிறகும்

ஆக்களைக் கூப்பிட்டு இருத்தி வைச்சு எடுக்கிற பேட்டி எனக்குப் பிடிக்காது, எல்லாரும் "இந்தப் படத்தில வேலை செய்தது நல்ல அனுபவம்" எண்டுதான் சொல்லுவினம். வேலை செய்துகொண்டு நிக்கேக்க பக்கத்தில நிண்டு "இப்ப என்ன செய்யிறியள், ஏன் அதைக் கழட்டுறியள்" எண்டு கேட்டால் முப்பது செக்கனில விசயத்தைச் சொல்லுவினம். நடிகரோட எண்டால் அண்டையான் வேலை முடிஞ்சு முகம் கழுவினாப் பிறகு. அழுற சீனுக்கு முன்னால ஒரு நாளும் கேட்கக்கூடாது.

இரவே ரெண்டு இடத்தில கொப்பி, போனில ஒண்டு, லப்டொப்பில ஒண்டு. ஒரு நாளைக்கு எண்பது நூறு கிளிப் வரும். மூண்டு நிமிச வீடியோவுக்கு அதில முப்பத்தைஞ்சு, நாப்பதுதான் தேவை, அதால ஒரு ஷொட்டையோ ஒரு பிரச்சினையையோ பிடிச்சுக்கொண்டு அதையே தொடக்கம் முடிவாச் சொல்லுங்கோ, ரெண்டு நாள் வேலை முழுக்கக் காட்ட வெளிக்கிட்டால் சாமத்திய வீட்டு வீடியோ மாதிரிப் போயிடும். நான் வாளியைப் பிடிச்சன். கிறீஸ் பூசுறது, முடிச்சுப் போடுறது, படலை கழண்டது, வாளி விழுந்த சத்தம், டிரெக்டரின்ர கண், அவ்வளவுதான்.

வெளியில விட முதல் டிரெக்டருக்குக் காட்டுங்கோ, கதை முடிச்சு எங்கையாவது தெரியுதோ எண்டு அவர்தான் சொல்லவேணும். முகம் தெரியிற ஒவ்வொருத்தருக்கும் அவையளின்ர துண்டையாவது அனுப்பிக் கேளுங்கோ. அந்த அம்மா தான் சிரிச்ச துண்டைப் பாத்திட்டு வைக்கச் சொன்னா. வேலியோரம் திரும்பி நிண்டது, நான் கமராவை இறக்க முதல் ரெண்டு செக்கன் விழுந்திருந்துது, அதை அழிக்கச் சொன்னா. அழிச்சிட்டன், லப்டொப்பில இருந்த கொப்பியிலையும்.